'கிளார்க் தேவை' என்று மட்டும் போட்டிருக்கா? ரெஸ்யூம் இல்லாமல் விண்ணப்பக் கடிதம் எழுதும் முறை

கோவை குறிச்சி சிட்கோ பக்கம் போனால் கம்பெனி கேட்டுகளில் அடிக்கடி ஒரு தாளைப் பார்க்கலாம். 'ஆபீஸ் கிளார்க் தேவை' என்று ஒரு வரி, கீழே ஒரு செல்போன் எண். அவ்வளவுதான். என்ன வேலை, என்ன படித்திருக்க வேண்டும், யாருக்கு எழுத வேண்டும், எதுவும் இருக்காது. அந்தத் தாளை போட்டோ எடுத்து யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள், அது உங்களுக்கும் வரும். போன் பண்ணினால், "ஒரு லெட்டர் அனுப்பி விடுங்க, பார்க்கலாம்" என்பார்கள். உங்களிடம் ரெஸ்யூம் கிடையாது. கையில் இருப்பது வேலையின் பெயர் மட்டும். இப்போ என்ன எழுதுவீங்க?

அரசு வேலையில் இந்தச் சிக்கல் வராது. டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 மூலம் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்குப் போகிறவர்கள் இணையவழிப் படிவத்தை நிரப்பித் தேர்வு எழுதுகிறார்கள். யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் சிறு தொழிற்கூடம், ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி, மஞ்சள் மண்டி போன்ற இடங்களில் முதலாளியோ மேனேஜரோ அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறார். கிளார்க் வேலையே தப்பில்லாமல் எழுதும் வேலை என்பதால், அந்தக் கடிதத்தை அவர் நீங்கள் செய்து காட்டும் முதல் வேலையாகத்தான் பார்ப்பார்.

'கிளார்க்' என்பது ஒரே வேலை அல்ல

பலரும் தப்பு பண்ணுவது இங்கேதான். கிளார்க் என்றால் எல்லா இடத்திலும் ஒரே வேலை என்று நினைத்து, எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி விடுகிறோம். நம்ம கொங்குப் பகுதியிலேயே இந்தப் பெயர் இடத்துக்கு இடம் வேறு வேறு வேலையைக் குறிக்கும். ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க் ஷிப்ட் வாரியாக ஆள் வருகையைப் பதிவார். மாதா மாதம் 15-ம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவதற்கான விவரத்தைத் தயார் செய்வார். திருப்பூர் பனியன் கம்பெனியில் எந்தத் துணி எத்தனை கிலோ சாயத்துக்குப் போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது என்று பார்ப்பார். கோவை இன்ஜினியரிங் பட்டறையில் பில் போடுவதும், டி.சி. எனப்படும் டெலிவரி சலான் எழுதுவதும்தான் பாதி நாள் வேலை.

ஆகவே பேனா எடுப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த ஆபீஸில் அந்த நாற்காலியில் உட்காருபவர் காலையில் வந்ததும் எதைக் கையில் எடுக்கிறார்? இது தெரிந்துவிட்டால், உங்கள் அனுபவத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது தானாகத் தெரியும்.

இரண்டு நிமிடப் போன்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சூலூர் பக்கம் ஒரு பெண். 2023-ல் பி.காம் முடித்தவர். ஆங்கிலத் தட்டச்சு ஜூனியர் பாஸ். இரண்டு வருடமாக மாமாவின் விசைத்தறிக் கூடத்தில் கணக்கு நோட்டு எழுதியிருக்கிறார். "அது வீட்டு வேலை மாதிரிதானுங்க, அதை எப்படி எக்ஸ்பீரியன்ஸ்னு போடறது?" என்பது அவர் தயக்கம். குறிச்சியில் ஒரு வார்ப்பட உதிரிபாகப் பட்டறையின் கேட்டில் 'ஆபீஸ் கிளார்க் தேவை' என்று பார்த்து, அந்த எண்ணுக்கு அழைக்கிறார்.

"வணக்கமுங்க. கிளார்க் வேலைக்கு ஆள் வேணும்னு கேட்ல போட்டிருந்தீங்க. ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா?"

"சொல்லு கண்ணு."

"கிளார்க்குன்னா உங்க ஆபீஸ்ல எந்த வேலை அதிகமா இருக்குமுங்க? பில்லா, டி.சி.யா, ஆள் கணக்கா?"

"டி.சி.தான். காஸ்டிங் மெஷினிங்குக்குப் போகும், பெயிண்டிங்குக்குப் போகும், திரும்பி வரும். முன்னாடி பார்த்த பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சு. ரெண்டு மாசமா நோட்டு அப்படியே கெடக்குது."

"நோட்டுலதான் எழுதறீங்களா, இல்லை டேலிலயுமுங்களா?"

"ரெண்டுலயுந்தான்."

"சரிங்க. லெட்டர் யார் பேருக்குப் போடட்டுமுங்க? இதே நம்பர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாமுங்களா?"

"மேனேஜர்னு போட்டு இதுக்கே அனுப்பு."

கேட்டது மூன்றே கேள்வி: எந்த வேலை அதிகம், எதில் எழுதுகிறார்கள், யாருக்கு எப்படி அனுப்புவது. ஆனால் கிடைத்த பதிலில் தங்கம் போல ஒரு வரி இருக்கிறது: இரண்டு மாதமாக நோட்டு அப்படியே கிடக்கிறது. அந்த மேனேஜரின் தலைவலியே அதுதான். கடிதம் அதைத் தொட்டால், கடைசி வரி வரை படிப்பார்.

போனை எடுக்கவே இல்லை என்றால்? பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஜி.எஸ்.டி பதிவு செய்த நிறுவனம் தன் 15 எழுத்து, எண் கொண்ட பதிவு எண்ணை நுழைவாயில் பலகையில் காட்ட வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் அது 33 என்று தொடங்கும். `www.gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` பகுதியில் அந்த எண்ணைப் போட்டால், நிறுவனத்தின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா, உற்பத்தியா, மொத்த வியாபாரமா, சேவையா என்பதெல்லாம் தெரியும். லாகின் தேவையில்லை, கட்டணமும் இல்லை. என்ன தொழில் என்று தெரிந்தால், கிளார்க்குக்கு என்ன வேலை இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்து விடலாம்.

டி.சி. நோட்டில் என்ன இருக்கிறது?

எழுதப் போகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பட்டறையில் வார்த்த உதிரிபாகம் அங்கேயே முழுதாக முடிவதில்லை. கடைசல் வேலைக்கு ஒரு இடம், பெயிண்டுக்கு இன்னொரு இடம் என்று ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஒரு டி.சி. அதில் எண், தேதி, யாருக்கு, என்ன பொருள், எத்தனை, என்ன மதிப்பு என்று இருக்கும். மூன்று பிரதி போட வேண்டும்.

200 உருப்படி போய் 197 திரும்பினால், மீதி 3 எங்கே என்று சொல்ல வேண்டியவர் கிளார்க்தான். வேலையில் கெட்டுப் போயிருக்கலாம், அடுத்த லோடில் வரலாம், காணாமலும் போயிருக்கலாம். இதில் சட்டமும் இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதைக் கொடுத்து முடித்ததாகக் கருதி ஜி.எஸ்.டி கணக்கிடப்படும். நோட்டு இரண்டு மாதம் எழுதாமல் கிடந்தால் மேனேஜருக்குத் தூக்கம் வராததன் காரணம் புரிகிறதா?

இப்போது சூலூர்ப் பெண்ணின் தறிக்கூட நோட்டை எடுத்துப் பாருங்கள். ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து பாவும் ஊடை நூலும் வருகிறது. கூலிக்கு நெய்த துணி திரும்பிப் போகிறது. எத்தனை பாவு வந்தது, எத்தனை கிலோ நூல், எத்தனை மீட்டர் துணி கொடுத்தோம், மீதி எவ்வளவு. இதுவும் ஜாப் ஒர்க் கணக்குதான். பட்டறை பொருளை அனுப்புகிற பக்கம்; தறிக்கூடம் வாங்குகிற பக்கம். 'வீட்டு வேலை' என்று அவர் நினைத்தது, இந்தப் பட்டறைக்கு வேண்டிய அனுபவம்.

முதலில் எழுதியது

போன் பண்ணாமல் இருந்திருந்தால் அவர் இப்படித்தான் எழுதியிருப்பார்:

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் கிளார்க் பணியிடம் காலியாக இருப்பதை அறிந்தேன். நான் கடின உழைப்பாளி. நேர்மையானவள். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். இத்துடன் எனது தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்.

இதில் பொய் எதுவும் இல்லை, கடைசி வரியைத் தவிர. ரெஸ்யூம் இல்லாதபோது 'இணைத்துள்ளேன்' என்பது எங்கிருந்தோ பார்த்து எழுதியது. இணைப்பு எங்கே என்று மேனேஜர் தேடுவார். இல்லை என்றதும், சரிபார்க்காமல் அனுப்புகிறவர் என்று முடிவு கட்டிவிடுவார். டி.சி. எழுதும் வேலைக்கு அது ஒன்றே போதும், ஒதுக்கி வைக்க.

மற்ற வரிகளின் குறை வேறு. 'கடின உழைப்பாளி' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. விண்ணப்பிக்கிற எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். 'கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்' என்றால் என்ன தெரியும்? ஒரு வரியை எழுதியதும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதை அவர் நேரில் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியாது என்றால் அடித்துவிடுங்கள்.

திருத்தி எழுதிய கடிதம்

> அனுப்புநர்: (பெயர், ஊர், செல்போன் எண்)
>
> பெறுநர்: மேலாளர் அவர்கள், (நிறுவனத்தின் பெயர்), சிட்கோ தொழிற்பேட்டை, குறிச்சி, கோயம்புத்தூர்.
>
> பொருள்: அலுவலக கிளார்க் பணிக்கு விண்ணப்பம்
>
> ஐயா,
>
> வணக்கம். தங்கள் நிறுவன வாயிலில் இருந்த அறிவிப்பைப் பார்த்து இன்று காலை தங்களிடம் போனில் பேசினேன். டி.சி. பதிவுதான் முக்கிய வேலை என்றும், இரண்டு மாதப் பதிவு நிலுவையில் இருக்கிறது என்றும் சொன்னீர்கள்.
>
> 2023 ஜூன் முதல் 2025 மே வரை, 12 தறி உள்ள எங்கள் உறவினரின் விசைத்தறிக் கூடத்தில் வரவு–செலவு நோட்டு எழுதினேன். ஜாப் ஒர்க்குக்கு வந்த பாவு, ஊடை நூல், நெய்து கொடுத்த துணி ஆகியவற்றை டி.சி. எண்ணுடன் பதிந்து, மாதக் கடைசியில் மீதிக் கணக்கை உற்பத்தியாளரிடம் சரிபார்த்தேன். அந்த நோட்டுகளை நேரில் காட்ட முடியும்.
>
> நிலுவையில் உள்ள டி.சி.களை எண் வரிசையில் அடுக்கி, திரும்பி வந்தவற்றை எதிரே பதிந்து, வராதவற்றை ஆள் வாரியாகத் தனிப் பட்டியல் எடுத்துத் தர முடியும்.
>
> டேலியில் விற்பனை, கொள்முதல் பதிவுகள் போடத் தெரியும். ஜி.எஸ்.டி ரிட்டர்ன் இதுவரை தாக்கல் செய்ததில்லை.
>
> படிப்பு: பி.காம், 2023.
> தட்டச்சு: ஆங்கிலம் ஜூனியர், 2022.
> மொழி: தமிழ், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியும்.
> வருகை: பஸ்ஸில் காலை 9 மணிக்குள் வர முடியும். உடனே சேர முடியும்.
>
> தனியாக ரெஸ்யூம் இணைக்கவில்லை. விவரம் முழுவதும் இக்கடிதத்திலேயே உள்ளது. நேரில் வரும்போது சான்றிதழ்களின் அசலைக் கொண்டு வருகிறேன்.
>
> இப்படிக்கு, (பெயர்)
> இடம்: சூலூர். நாள்:

முதல் பத்தி, போனில் கேட்டதை அவருக்கே நினைவுபடுத்துகிறது. இரண்டாவது பத்தி, எங்கே, எப்போது, எதை எழுதினார் என்று சொல்கிறது. உறவினர் கூடம் என்பதை மறைக்கவில்லை. மூன்றாவது, அவர்களுடைய நிலுவைக்கு என்ன செய்வார் என்று சொல்கிறது. 'ஒரே வாரத்தில் முடிப்பேன்' என்று போடவில்லை, எத்தனை டி.சி. கிடக்கிறது என்று பார்க்காமல் நாள் சொல்லக் கூடாது. ரெஸ்யூமில் இருக்க வேண்டிய விவரம் நான்கு வரியில் முடிந்துவிட்டது. மொத்தமும் ஒரே பக்கம்.

தெரியாததையும் எழுதலாமா?

எழுதலாம், ஒரு வரி போதும். 'ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை' என்ற வரி வேலையைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சிறு நிறுவனங்கள் பலவற்றில் ரிட்டர்னை ஆடிட்டர் ஆபீஸ்தான் பார்க்கும். கிளார்க் பில்லைச் சரியாக ஏற்றினால் போதும். இதைச் சொன்னதால், 'டேலி தெரியும்' என்ற முந்தைய வரியை மேனேஜர் நம்புவார்.

மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். டேலி தெரியும் என்று போட்டால், நேர்காணலில் ஒரு கொள்முதல் பில்லைக் கையில் கொடுத்து ஏற்றச் சொல்வார்கள். F9-ஐ அழுத்தலாமா, F8-ஐ அழுத்தலாமா என்று விரல் தேடினால் அங்கேயே தெரிந்துவிடும். தட்டச்சும் அப்படித்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத் தேர்வில் ஜூனியர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், சீனியர் என்றால் 45. ஜூனியர் பாஸ் செய்துவிட்டு '45 சொல் அடிப்பேன்' என்று எழுத வேண்டாம். பத்து நிமிடம் உட்கார வைத்தால் கணக்கு வெளியே வந்துவிடும்.

அனுப்புவதற்கு முன்

பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் என்று இருப்பது நமக்குச் சகஜம். ஆனால் பிற்பாடு பி.எஃப். கணக்கு தொடங்கும்போது அதுவே இழுபறியாகும். நோட்டீஸ் எந்த மொழியில் இருக்கிறதோ, அதே மொழியில் கடிதம் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் நீளமான மெசேஜாக அனுப்பினால் அடுத்த பத்து மெசேஜுக்குக் கீழே அது புதைந்துவிடும். போனில் Google Docs-ல் தட்டச்சு செய்து, `Share & export` போய், `Send a copy`-ல் `PDF` தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். கையெழுத்து நன்றாக இருந்தால் வெள்ளைத் தாளில் எழுதி, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் போட்டோ எடுத்தும் அனுப்பலாம். நோட்டில் எழுதும் ஆபீஸுக்கு உங்கள் கையெழுத்தும் ஒரு சான்றுதான்.

கடிதத்துடன் ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் எதையும் அனுப்ப வேண்டாம். வேலை உறுதியான பிறகு அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை `myaadhaar.uidai.gov.in` தளத்தில் பதிவிறக்கிக் கொடுக்கலாம், பி.எஃப். பதிவுக்கு முழு எண் தேவைப்படும்போது மட்டும் ஆபீஸில் நேரில் கொடுங்கள். "ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் 500 ரூபாய் ஜி-பே பண்ணுங்க, யூனிபார்முக்கு டெபாசிட் கட்டுங்க" என்று யாராவது கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியுங்கள்.

நோட்டீஸ் மட்டுமே வழி என்றும் இல்லை. தமிழ்நாடு அரசின் `tnprivatejobs.tn.gov.in` தளத்தில் வேலை தேடுவோர் இலவசமாகப் பதிவு செய்யலாம். உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கேயும் சில அறிவிப்புகளில் வேலையின் பெயருக்கு மேல் அதிகம் இருக்காது. அப்போதும் முதல் கேள்வி அதேதான்: "உங்க ஆபீஸ்ல கிளார்க்குன்னா எந்த வேலை அதிகமா இருக்குமுங்க?"

அடுத்த கம்பெனிக்கு அனுப்பும்போது இதே கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். முதல் மூன்று பத்தியையும் அந்த ஆபீஸின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு புதிதாக எழுதுங்கள். கீழே உள்ள நான்கு வரி விவரம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.